அறிமுகக் குறிப்பின் தொனி: வங்கி, புத்தொழில் நிறுவனம், தொண்டு நிறுவனம்

அறிமுகக் குறிப்பு என்பது ஒருவரின் கல்வி, பணி, பொறுப்பு ஆகியவற்றைச் சில வரிகளில் சொல்லும் சிறு எழுத்து ஆகும். பேச்சு வழக்கில் இது 'பயோ' எனப்படுகிறது. நிறுவனங்களின் இணையதளம், ஆண்டறிக்கை, கூட்ட அழைப்பிதழ், முதலீட்டாளருக்குக் காட்டும் விளக்கப்படம் போன்றவற்றில் இது இடம்பெறும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தரப்படும் தன்விவரப் படிவத்திலிருந்து இது வேறுபட்டது. படிவம் எல்லாவற்றையும் பட்டியலிடும். அறிமுகக் குறிப்பு தேர்ந்தெடுத்துச் சொல்லும்.

தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால்தான் தொனி என்ற கேள்வி எழுகிறது. ஒரே மனிதரின் ஒரே வாழ்க்கை, வங்கிக்கு எழுதும்போது ஒருவிதமாகவும், புத்தொழில் நிறுவனத்துக்கு (ஸ்டார்ட்-அப்) எழுதும்போது இன்னொருவிதமாகவும், தொண்டு நிறுவனத்துக்கு எழுதும்போது வேறுவிதமாகவும் அமைகிறது. வங்கிக்குக் கண்டிப்பான நடை, புத்தொழிலுக்குத் துள்ளலான நடை, தொண்டுக்கு உருக்கமான நடை என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். தொனியை முடிவு செய்வது, படிப்பவர் அந்த நிறுவனத்திடம் எதை ஒப்படைக்கிறார் என்பது. வங்கியிடம் அவர் ஒப்படைப்பது திரும்பி வரவேண்டிய பணம். புத்தொழில் நிறுவனத்திடம் ஒப்படைப்பது திரும்பி வராமலும் போகக்கூடிய பணம். தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பது தமக்குத் திரும்பி வரவே வேண்டாத பணம். மூன்று இடங்களிலும் அவர் கேட்கும் கேள்வி வேறு. குறிப்பு அந்தந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

== எடுத்துக்காட்டுக்கு ஒருவர் ==

இதை விளக்க, கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பதிலாக இங்கு 'க.' என்று குறிக்கப்படுகிறார். அவர் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். 2008-இல் பட்டயக் கணக்காளர் ஆனார். நான்கு ஆண்டுகள் ஒரு தணிக்கை நிறுவனத்திலும், 2012 முதல் 2018 வரை ஒரு தனியார் வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவிலும் வேலை பார்த்தார். 2018-இல் விசைத்தறிக்கூடங்களுக்கான கணக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றை நண்பருடன் தொடங்கினார். 140 தறிக்கூடங்கள் வாடிக்கையாளராகச் சேர்ந்தன. அவற்றில் 90 விலகின. 2022-இல் நிறுவனம் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கணக்கு ஆலோசகராக இருந்துவிட்டு, 2024-இல் அதே துறையில் இரண்டாவது நிறுவனத்தைத் தொடங்கினார். இவற்றுக்கிடையில் 2015 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுத் தருகிறார்.

இவரை ஒரு சிறு நிதி வங்கி தன் இயக்குநர் குழுவுக்கு அழைக்கிறது. ஓர் அறக்கட்டளை அறங்காவலராகச் சேர்க்கிறது. அவருடைய சொந்த நிறுவனத்துக்கும் ஒரு குறிப்பு வேண்டும். ஆக மூன்று குறிப்புகள். மூடப்பட்ட முதல் நிறுவனத்தை ஒவ்வொன்றிலும் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கடினமான இடம்.

== வங்கிக் குறிப்பு ==

வங்கி இயக்குநரின் அறிமுகக் குறிப்பை வாடிக்கையாளர் மட்டும் படிப்பதில்லை. பங்குதாரர் படிக்கிறார், ரிசர்வ் வங்கி படிக்கிறது, பின்னாளில் ஏதேனும் தகராறு வந்தால் வழக்கறிஞரும் படிப்பார். இந்தியாவில் இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 10ஏ பிரிவில், வங்கி இயக்குநர்களில் 51 விழுக்காட்டுக்குக் குறையாதோர் குறிப்பிட்ட துறைகளில் சிறப்பு அறிவோ நடைமுறை அனுபவமோ உடையவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. கணக்கியல், வேளாண்மையும் ஊரகப் பொருளாதாரமும், வங்கியியல், கூட்டுறவு, பொருளியல், நிதி, சட்டம், சிறுதொழில் ஆகியவை அத்துறைகளுள் அடங்கும். குறைந்தது இருவர் வேளாண்மை மற்றும் ஊரகப் பொருளாதாரம், கூட்டுறவு, சிறுதொழில் ஆகியவற்றுள் ஒன்றை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின், செபியின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, புதிதாக நியமிக்கப்படும் இயக்குநரின் சுருக்க விவரம், அவர் தேர்ச்சி பெற்ற துறை, பிற இயக்குநர்களுடன் அவருக்குள்ள உறவு, வேறு பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் அவர் வகிக்கும் பொறுப்பு ஆகியவற்றைப் பங்குதாரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே வங்கிக் குறிப்பின் தொனி ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். அது வறட்சியாக இருப்பதற்குக் காரணம் எழுதுபவரின் சோம்பல் அன்று. ஒவ்வொரு தொடரும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். சரிபார்க்க முடியாத பெயரடை அங்கே சுமையாகிவிடுகிறது. "நிதித்துறையில் பழுத்த அனுபவம் உடையவர்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. "2012 முதல் 2018 வரை சிறுதொழில் கடன் பிரிவில் பணியாற்றினார்" என்பதைச் சரிபார்க்கலாம்.

க.வின் வங்கிக் குறிப்பு இவ்வாறு அமையலாம்:

"க., பட்டயக் கணக்காளர் (2008). 2008 முதல் 2012 வரை தணிக்கை நிறுவனமொன்றில் சிறுதொழில் நிறுவனங்களின் கணக்குத் தணிக்கையிலும், 2012 முதல் 2018 வரை தனியார் வங்கியொன்றின் சிறுதொழில் கடன் பிரிவிலும் பணியாற்றினார். 2018 முதல் 2022 வரை விசைத்தறிக்கூடங்களுக்கான கணக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் இணை நிறுவனராகவும் இயக்குநராகவும் இருந்தார். அந்நிறுவனம் 2022-இல் செயற்பாட்டை நிறுத்தியது. 2022 முதல் 2024 வரை கணக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். 2024 முதல் அதே துறையில் இயங்கும் மற்றொரு நிறுவனத்தின் இணை நிறுவனர், இயக்குநர். 2015 முதல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்குப் பயிற்சி அளிக்கிறார். கணக்கியல், சிறுதொழில் ஆகியவை இவருடைய சிறப்பு அறிவுத் துறைகள். வங்கியின் பிற இயக்குநர்களுடன் உறவு இல்லை. பட்டியலிடப்பட்ட வேறு நிறுவனம் எதிலும் இயக்குநர் பொறுப்பு வகிக்கவில்லை."

உண்மையான குறிப்பில் 'தனியார் வங்கியொன்று', 'நிறுவனம் ஒன்று' என்ற இடங்களில் பெயர்கள் வரும். மூடப்பட்ட நிறுவனம் இங்கு மறைக்கப்படவில்லை, அதற்குச் சமாதானமும் சொல்லப்படவில்லை. ஆண்டும் நிகழ்வும் மட்டும் உள்ளன. அதை விட்டுவிட்டால் 2018-க்கும் 2022-க்கும் இடையில் ஒரு வெற்றிடம் தோன்றும். நிறுவனப் பதிவேடுகளில் இயக்குநர்களின் பெயர்கள் பொதுவில் கிடைப்பதால், அந்த வெற்றிடத்தை நிரப்ப யாருக்கும் சில நிமிடங்களே ஆகும். நிறுவனம் மூடியதைவிட அது மறைக்கப்பட்டதே பெரிய செய்தியாகிவிடும்.

தற்போதைய நிறுவனத்தைச் சொல்வதும் பெருமைக்காக அன்று. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒரு வங்கி தன் இயக்குநருக்கோ அவர் இயக்குநராக உள்ள நிறுவனத்துக்கோ கடன் தருவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே படிப்பவருக்கு அந்தத் தொடர் ஒரு முன்னறிவிப்பு: இவருக்கு வெளியே எங்கெங்கு ஆதாயம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

"பணியாற்றி வருகிறார்" என்ற வினைமுற்றைப் பற்றியும் இங்கே ஒரு சொல். தமிழ்க் குறிப்புகளில் இது மிகப் பரவலாக வருகிறது, இயல்பாகவும் ஒலிக்கிறது. ஆனால் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று தெரியாதபோது பொருள் இழந்துவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறுப்பிலிருந்து விலகியவர் இணையதளத்தில் இன்னும் 'பணியாற்றி வருவார்'. வங்கிக் குறிப்பில் 'முதல்', 'வரை' என்ற இரு சொற்கள் அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

=== ஒரு சொல் கூடினால் ===

வங்கிக் குறிப்பில் எச்சரிக்கை தேவை என்பதற்கு, வங்கி அல்லாத ஒரு நிறுவனத்தில் நடந்த நிகழ்வே நல்ல சான்று. 2012 ஜனவரியில் ஸ்காட் தாம்சன் என்பவர் அமெரிக்காவின் யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவர் ஸ்டோன்ஹில் கல்லூரியில் கணக்கியலிலும் கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்று அவரது அறிமுகக் குறிப்பு கூறியது. நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் அளித்த ஆவணத்திலும் அதே வரி இடம்பெற்றது. அவர் பெற்றது கணக்கியல் பட்டம் மட்டுமே. யாஹூவின் பெரிய பங்குதாரர்களுள் ஒன்றான தேர்ட் பாயிண்ட் என்ற முதலீட்டு நிதியத்தின் தலைவர் டேனியல் லோப் மே மாதத் தொடக்கத்தில் இதை வெளிப்படுத்தினார். பத்து நாட்களில் தாம்சன் பதவி விலகினார்.

கவனிக்க வேண்டியது, பொய்யாக இருந்தது பட்டத்தின் ஒரு பாதிதான். கணக்கியல் பட்டம் மட்டும் உள்ளவர் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. முந்தைய நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் அதே வரி இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவி, கடைசியில் சட்டப்படி உண்மை என்று சான்றளிக்கப்படும் ஆவணத்துக்குள் அது நுழைந்துவிட்டது. விளம்பரப் பக்கத்தில் இருக்கும்வரை அலங்காரமாகத் தோன்றிய ஒரு சொல், ஒழுங்குமுறை ஆவணத்தில் தவறான வாக்குமூலமாகியது.

== புத்தொழில் நிறுவனக் குறிப்பு ==

தொடக்க நிலையில் உள்ள நிறுவனத்துக்கு வரவு செலவுக் கணக்கு பெரிதாக இருக்காது; சில வேளைகளில் விற்பனையே இருக்காது. முதலீட்டாளர் பார்ப்பதற்கு மீதமிருப்பது நிறுவனர்கள்தாம். முதலீட்டாளர் விளக்கப்படத்தில் 'எங்கள் குழு' என்ற பக்கம் இதற்காகவே வைக்கப்படுகிறது. அதைப் படிப்பவரின் கேள்வி, இவர் நல்லவரா என்பதோ நிலையானவரா என்பதோ அன்று. இந்தச் சிக்கலை மற்றவர்களைவிட இவருக்கு ஏன் நன்றாகத் தெரியும் என்பதே அவர் கேள்வி. புதிதாக வேலைக்குச் சேர நினைக்கும் இளைஞரும் ஏறக்குறைய இதையே பார்க்கிறார்.

எனவே வங்கிக் குறிப்பில் பின்னால் இருந்தவை இங்கே முன்னால் வருகின்றன. பிறந்த வீடு அங்கே இடம்பெறவே இல்லை. இங்கே அதுதான் முதல் வரி. தன்மை இடத்தில், 'நான்' என்று எழுதுவது இங்கே பொருந்தும்:

"விசைத்தறி ஓடிய வீட்டில் வளர்ந்தேன். கணக்காளர் ஆன பிறகு ஆறு ஆண்டு வங்கியில் சிறுதொழில் கடன் மனுக்களைப் பார்த்தேன். நன்றாக ஓடும் தறிக்கூடங்களிலும் கணக்கு துண்டுச் சீட்டில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய 2018-இல் நண்பருடன் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினேன். 140 கூடங்கள் சேர்ந்தன. மாதச் சந்தா வைத்தோம். கூலி கைக்கு வராத மாதங்களில் 90 கூடங்கள் விட்டுப் போயின. 2022-இல் மூடினோம். இப்போதைய செயலியில் மாதச் சந்தா இல்லை. போடும் பில்லுக்குத்தான் கட்டணம். எனக்குக் கணக்கும் கடனும் தெரியும். மென்பொருள் எழுதத் தெரியாது; அதை இணை நிறுவனர் பார்க்கிறார்."

வங்கிக் குறிப்பில் ஒரே தொடரில் முடிந்த தோல்வி, இங்கே குறிப்பின் நடுப்பகுதியாகிவிட்டது. இது அடக்கம் காட்டுவதற்காக அன்று. 140, 90 என்ற இரு எண்களும், மாதச் சந்தா என்ற காரணமும் சேர்ந்து, இவர் செலவழித்துக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கின்றன. அந்தப் பாடம் வேறு யாரிடமும் எளிதில் கிடைக்காது. "தோல்வியிலிருந்து பாடம் கற்றவர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாருக்கும் பொருந்தும் வரியாகப் போயிருக்கும். என்ன பாடம் என்று சொல்லாத இடத்தில் படிப்பவர் பாடம் எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்.

தெரியாததைச் சொல்லும் கடைசி வரியும் அப்படித்தான். வங்கி இயக்குநர் குறிப்பில் "எனக்குச் சட்டம் தெரியாது" என்று யாரும் எழுதுவதில்லை. புத்தொழில் குறிப்பில் அது பயன்படுகிறது. இரண்டு நிறுவனர்களும் ஒரே வேலை தெரிந்தவர்களா, இல்லை ஒருவர் குறையை மற்றவர் நிரப்புகிறாரா என்பதை முதலீட்டாளர் அறிய விரும்புகிறார்.

வாக்கியங்கள் குட்டையாகியிருப்பதையும், 'பில்', 'சந்தா', 'துண்டுச் சீட்டு' போன்ற கடைத்தெருச் சொற்கள் வந்திருப்பதையும் காணலாம். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, அவருடன் இவருக்குப் பழக்கம் உண்டு என்பதற்குச் சாட்சி. தறிக்கூடத்தில் யாரும் 'விலைப்பட்டியல் உருவாக்கம்' என்று சொல்வதில்லை, பில் போடுவார்கள்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, எதிர்காலத்தை நிகழ்காலமாக எழுதுவது. "ஜவுளித் துறையில் புரட்சி செய்துவரும்", "இந்தியாவின் முதல்" என்பன அவ்வகை. 'முதல்' என்ற சொல்லை எழுதுபவர் அதற்கு முன் யாரும் இல்லை என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும்; பெரும்பாலும் பார்த்திருப்பதில்லை. செய்யப்போவதை எதிர்காலத்திலும், செய்ததை இறந்தகாலத்திலும் எழுதினாலே இந்தப் பிழையில் பாதி நீங்கிவிடும்.

க.வின் குறிப்பிலேயே ஓர் இடம் கவனத்துக்குரியது. முதல் வரைவில் அவர், "கணக்கு இல்லை என்று நல்ல கூடங்களுக்கும் எங்கள் வங்கி கடன் மறுத்தது" என்று எழுதியிருக்கக் கூடும். கதைக்கு அது வலுவூட்டும். ஆனால் அது முன்னாள் வேலையிடத்தின் உள் முடிவுகளை வெளியே சொல்வதாகிவிடும். அவரை இயக்குநராக அழைக்கும் வங்கியும் இந்தக் குறிப்பைப் படிக்கக் கூடும். 'கணக்கு துண்டுச் சீட்டில்தான் இருந்தது' என்பது அதே சிக்கலைச் சொல்கிறது. யாருடைய ரகசியத்தையும் சொல்லவில்லை.

== தொண்டு நிறுவனக் குறிப்பு ==

தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தருபவருக்குக் கைமாறாக எதுவும் வருவதில்லை. அதிகம் போனால் வருமான வரியில் ஒரு சலுகை வரும். பணம் உரியவரிடம் சேர்ந்ததா என்பதை அவர் நேரில் காணவும் முடியாது. ஆகவே அவர் கேள்வி இரண்டாகப் பிரிகிறது: இந்த மனிதர் உண்மையில் களத்தில் என்ன செய்தார்? பணத்தை இவரிடம் நம்பித் தரலாமா? இந்த இரண்டாம் கேள்வி வங்கி வாடிக்கையாளரின் கேள்வியைப் போன்றது. உருக்கமான நடையில் எழுதுவோர் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி, இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் இவ்வகைக் குறிப்புகளுக்கென்றே ஒரு சொற்கூட்டம் உருவாகியிருக்கிறது. 'தன்னலமற்ற', 'அயராது', 'ஏழை எளிய மக்களின் வாழ்வில் ஒளியேற்றிய' என்பன அதில் அடங்கும். இவை மேடையில் மாலை போடும்போது சொல்லப்படும் வாழ்த்துச் சொற்கள். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது மரியாதையாக இருப்பவை, தம் நிறுவனத்தின் பக்கத்தில் தாமே எழுதிக்கொள்ளும்போது கூச்சம் தருகின்றன.

அதைவிட முக்கியமான சிக்கல், அத்தகைய தொடர்களில் உதவி பெற்றவர்கள் யார் என்பதே மறைந்துபோவது. "இவர் நூற்றுக்கணக்கான பெண்களின் வாழ்வை மாற்றினார்" என்ற தொடரில் எழுவாய் ஒரே ஒருவர். பெண்கள் செயப்படுபொருள் மட்டுமே. வாரம் தவறாமல் கூட்டம் போட்டு, சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கிய அந்தப் பெண்கள் அதில் எதையும் செய்யவில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கைபேசியில் படிக்கிறார்கள் என்பதை இன்று எழுதுபவர் மறக்க முடியாது.

க.வின் குறிப்பு:

"க., 2015 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுத் தருகிறார். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் வாரியான கடன் பேரேடு ஆகிய மூன்றும் பயிற்சியில் அடங்கும். இதுவரை 31 குழுக்கள் பயிற்சிக்கு வந்துள்ளன. அவற்றுள் 23 குழுக்கள் இப்போது வெளியாள் துணையின்றித் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதுகின்றன. தொழிலால் பட்டயக் கணக்காளர். அறக்கட்டளையின் கணக்குகளை மேற்பார்வையிடும் அறங்காவலராக உள்ளார். இப்பொறுப்புக்கு ஊதியம் பெறுவதில்லை."

இதில் இரண்டு எழுவாய்கள் உள்ளன. கற்றுத் தருபவர் க.; கணக்கு எழுதுபவை குழுக்கள். யாருடைய செயல் யாருக்கு என்பது பிரிக்கப்பட்டிருப்பதே இந்தக் குறிப்பின் தொனி. இதில் இளகிய சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லில் ஒருவரின் ஓய்வுநாள் போயிருப்பது தெரிகிறது.

31, 23 என்ற இரு எண்களையும் தருவது சிலருக்குத் தயக்கமாக இருக்கும். 23 மட்டும் போதாதா? 23 மட்டும் சொன்னால், எத்தனையில் 23 என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் நிற்கும். மீதி எட்டுக் குழுக்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கலாம், கலைந்திருக்கலாம். அதைக் குறிப்பில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவை இருந்தன என்பது தெரிய வேண்டும். பயிற்சிக்கு வந்தோர் எண்ணிக்கையைப் பயன் பெற்றோர் எண்ணிக்கையாகக் காட்டுவது தொண்டு நிறுவன எழுத்தில் அடிக்கடி காணப்படும் குறை.

ஊதியம் பற்றிய கடைசித் தொடர் வேறு இரண்டு குறிப்புகளிலும் இல்லை. நன்கொடையாளர் இதைத் தேடுகிறார். ஊதியம் பெற்றால் பெறுகிறார் என்று எழுதுவதிலும் தவறில்லை. முழுநேரமாக உழைப்பவருக்குச் சம்பளம் இருப்பது இயல்பு. அதை 'சேவை' என்ற சொல்லால் மூடுவதுதான் பின்னால் ஐயத்தைக் கிளப்பும்.

மூடப்பட்ட மென்பொருள் நிறுவனம் இந்தக் குறிப்பில் இல்லை. இங்கு அது மறைப்பு ஆகாது. அறக்கட்டளையின் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாரும் ஆண்டுவாரியாகப் பார்ப்பதில்லை என்பதால் வெற்றிடமும் தோன்றவில்லை.

== தமிழில் தொனியை மாற்றும் இடங்கள் ==

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்பைத் தமிழாக்கும்போது மூன்று வகைக் குறிப்புகளும் ஒரே மாதிரி ஆகிவிடுவது கண்கூடு. சொற்களை மட்டும் மாற்றி, தமிழில் தொனியைத் தாங்கும் உறுப்புகளை அப்படியே விட்டுவிடுவதே காரணம். அவற்றுள் முதன்மையானது இடப்பெயர். படர்க்கையில் 'இவர்' என்று எழுதும்போது வினைமுற்று 'பணியாற்றினார்' என்று மரியாதைப் பன்மையில் வந்துவிடுகிறது. ஆகவே தமிழில் படர்க்கைக் குறிப்பு ஏற்கெனவே ஒரு படி மரியாதையுடன் தொடங்குகிறது. அதற்கு மேல் 'திருமதி', 'அவர்கள்' என்று சேர்த்தால் வங்கிக் குறிப்பு அழைப்பிதழ் போலவும், தொண்டுக் குறிப்பு பாராட்டு மடல் போலவும் ஆகிவிடும்.

தன்மைப் பன்மையில் தமிழுக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்பது படிப்பவரை விலக்கியது; 'நாம்' அவரையும் சேர்த்தது. புத்தொழில் குறிப்பில் 'மூடினோம்' என்றால் நிறுவனர்கள் மூடினார்கள். அங்கே 'நாங்கள்' பொருத்தம். தொண்டு நிறுவனத்தின் நன்கொடை வேண்டுகோளில் 'நாம்' பொருந்தலாம். ஆனால் அறிமுகக் குறிப்பில் 'நாம் செய்துவரும் பணி' என்று எழுதினால், இன்னும் ஒரு ரூபாயும் தராதவரைக் கேட்காமலே கூட்டத்தில் சேர்த்ததாகிறது. வங்கிக் குறிப்பில் இந்த இரண்டுக்குமே வேலை இல்லை.

'ஆர்வம் கொண்டவர்' என்ற தொடர் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. "கல்வியில் ஆர்வம் கொண்டவர்" என்றால் தமிழில் படிக்க விருப்பமுள்ளவர் என்றுதான் பொருள் படும். கல்விப் பணிக்காக உழைப்பவர் என்று பொருள் படாது. அந்த இடத்தில் அவர் செய்யும் ஒரு செயலைச் சொல்வது எளிது.

== மூன்றும் ஒரே திரையில் ==

முன்பு ஆண்டறிக்கை ஒருவர் கையிலும் துண்டறிக்கை வேறொருவர் கையிலும் இருந்தன. இப்போது க.வின் பெயரைத் தேடுபவருக்கு மூன்று குறிப்புகளும் அடுத்தடுத்து வரும். அவற்றுடன் அவருடைய லிங்க்ட்இன் பக்கமும் வரும். தொனி மூன்றாக இருப்பதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் வங்கிக் குறிப்பில் 2018 முதல் இயக்குநர் என்றும், புத்தொழில் குறிப்பில் 2017-இல் தொடங்கினேன் என்றும் இருந்தால், படிப்பவர் எதை நம்புவது என்று நின்றுவிடுவார். நிறுவனத்தை மனத்தில் தொடங்கிய ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் வேறாக இருப்பது இயல்பே. பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

இதைத் தவிர்க்க, பலர் கையாளும் முறை எளியது. குறிப்புகளை எழுதும் முன் ஒரு தாளில் ஆண்டு, நிறுவனத்தின் பதிவுப் பெயர், பொறுப்பின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் காட்டும் சான்று குறிக்கப்படுகிறது: பட்டயச் சான்றிதழ், பணிவிடுப்புக் கடிதம், பதிவு ஆவணம், குழுக்களின் வருகைப் பதிவேடு. மூன்று குறிப்புகளும் அந்தத் தாளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. தாளில் இல்லாத எண் எந்தக் குறிப்பிலும் வராது. ஒரு புதிய குழு கணக்கு எழுதத் தொடங்கி 23 என்பது 24 ஆகும்போது முதலில் தாள் திருத்தப்படுகிறது, பிறகு அறக்கட்டளையின் பக்கம். வங்கிக் குறிப்பில் அந்த எண்ணே இல்லாததால் அதைத் தொட வேண்டியதில்லை.